விடிந்தால் ஆய்வேடு

ஓமலூரில் கணினித் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். பெரியார் பல்கலைக்கழகம் இருக்கும் கருப்பூர் எங்கள் ஊருக்கும் சேலத்துக்கும் நடுவில் இருக்கிறது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிக் கல்லூரிப் பிள்ளைகளுக்கெல்லாம் அதுதான் பல்கலைக்கழகம். அதனால் ஏப்ரல் பிறந்தால் ஆய்வேட்டுக் கோப்போடு முதுகலைப் பிள்ளைகள் கடைக்கு வருவார்கள். அவர்களில் ஒரு தமிழ் மாணவியின் கடைசி இரவை வைத்து, முதன்முறையாக ஆய்வேடு எழுதுகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்கிறேன்.

ஓமலூர் வட்டாரத் தெருக்கூத்து அவளுடைய தலைப்பு. களப்பணி உண்மையானது. கூத்துக் கலைஞர்களை விடிய விடிய உட்கார்ந்து கேட்டு எழுதியிருந்தாள். மாலை ஏழு மணிக்கு வந்து, “ஐயா, காலையில பத்து மணிக்குள்ள கொடுத்தாகணும். எழுத்துரு தப்புன்னு திருப்பிட்டாங்க” என்றாள். அவள் கல்லூரி கொடுத்த தாளில் இருந்தது இதுதான்: யூனிகோடு எழுத்துரு, எழுத்தளவு 14, ஒன்றரை வரி இடைவெளி, இடப்பக்க ஓரம் ஒன்றரை அங்குலம், முன்பக்கங்களுக்கு ரோமன் எண், பொருளடக்கத்தில் பக்க எண். அவளிடம் இருந்ததோ பாமினியில் 12 அளவில் அடித்த கோப்பு.

1. முதலில் வேலைகளை வரிசைப்படுத்துங்கள். பக்கத்தை நகர்த்துகிற வேலைகள் உண்டு, பக்கத்தை எண்ணுகிற வேலைகள் உண்டு. எழுத்துரு, எழுத்தளவு, வரி இடைவெளி, ஓரம், படங்கள் ஆகியவை பக்கத்தை நகர்த்தும். பக்க எண், பொருளடக்கம், பட வரிசை ஆகியவை பக்கத்தை எண்ணும். முதல் வகை முழுக்க முடியாமல் இரண்டாவது வகையைத் தொடக்கூடாது. அந்தப் பெண் வரும்போதே பொருளடக்கத்தைத்தான் திருத்திக்கொண்டிருந்தாள், ஏனென்றால் அதுதான் முதல் பக்கங்களில் இருக்கிறது. நூற்றுப் பதினெட்டுப் பக்கம் இருந்த அந்தக் கோப்பு, எழுத்துருவும் அளவும் மாறியபின் நூற்று ஐம்பதைத் தாண்டியது. அவள் கையால் போட்ட பக்க எண்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் வேறு பெயரில் சேமியுங்கள். இரவு இரண்டு மணிக்குக் கை தவறும்.

2. பாமினியை யூனிகோடாக மாற்றுவது எழுத்துருப் பெயரை மாற்றுகிற வேலை அல்ல. பெரும்பாலோர் இடறுகிற இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது `jkpo;` என்ற ஆங்கில எழுத்துகள். முழுவதையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை Nirmala UI என்று மாற்றினால் அந்த ஆங்கிலக் குப்பைதான் மேலே வரும். கருத்துத் திருட்டைச் சோதிக்கிற மென்பொருளுக்கும் அந்தக் குப்பைதான் தெரியும். ஆய்வேடுகளுக்கு அந்தச் சோதனையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஒழுங்குமுறையில் கொண்டுவந்துவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆகவே கல்லூரி யூனிகோடு கேட்பதில் நியாயம் இருக்கிறது.

எழுத்துகளையே மாற்ற ‘மாற்றி’ என்கிற மென்பொருள்கள் உண்டு. பாமினி உரையை ஒட்டினால் யூனிகோடு உரையைத் தரும். ஆனால் அவற்றில் பலவும் வெறும் எழுத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். தடித்த எழுத்து, மேலெழுத்துச் சான்றெண், அட்டவணைக் கோடு எல்லாம் போய்விடும். அதைவிட மோசம், உரைக்கு நடுவே இருக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். அவள் துணைநூற்பட்டியலில் ஆங்கில நூற்பெயர்கள் இருந்தன. நாங்கள் செய்தது இது. ஒவ்வொரு ஆங்கிலத் தொடரையும் எடுத்துத் தனிக் கோப்பில் வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் 90001, 90002 என்று எண் போட்டோம். பாமினியில் எண்கள் எண்களாகவே இருப்பதால் மாற்றி அவற்றைத் தொடாது. ஆண்டுகளோடும் சான்றெண்களோடும் குழம்பாமலிருக்க ஐந்திலக்கம். மாற்றி முடிந்ததும் எண்ணைத் தேடி ஆங்கிலத்தைத் திரும்ப வைத்தோம்.

இயல் இயலாக மாற்றுங்கள், மொத்தமாக வேண்டாம். ஓர் இயலை மாற்றியதும் பழைய அச்சுப் படியை ஒருவர் கையில் வைத்து வாசிக்க, மற்றவர் திரையைப் பார்க்க வேண்டும். அவளுடைய தம்பி கூட வந்திருந்தான், வாசித்தது அவன்தான்.

3. மாற்றிய பிறகு ஒரு பிழையைக் கட்டாயம் தேடுங்கள். பாமினியில் துணைக்காலுக்கும் ‘ர்’ என்பதன் உடலுக்கும் ஒரே விசைதான், `h`. `h;` என்று இருந்தால் அது ‘ர்’. இதைக் கவனிக்காத மாற்றிகள் துணைக்கால் போட்டு அதன்மேல் புள்ளி வைத்துவிடும். ‘அவர்கள்’ என்பது ‘அவா்கள்’ ஆகிவிடும். களைத்த கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும், அச்சிலும் தப்பிவிடும். ஆனால் கணினிக்கு அது வேறு சொல். தேடினால் கிடைக்காது, அகரவரிசையில் தவறான இடத்தில் போய் உட்காரும்.

Ctrl+H அழுத்தி, மேல் கட்டத்தில் `ா்`, கீழ்க் கட்டத்தில் `ர்` என்று கொடுத்து முழுவதும் மாற்றுங்கள். அவள் கோப்பில் முதல் இயலிலேயே நூற்றுக்கணக்கில் வந்தது. ‘கூத்தர்’, ‘வாத்தியார்’, ‘ஓமலூர்’ என்று அவள் தலைப்பே ‘ர்’ நிறைந்தது அல்லவா? அடுத்து, கொம்புள்ள எழுத்துகளைப் பாருங்கள். பாமினியில் ‘கொ’ என்பதைக் கொம்பு, க, கால் என்று `nfh` ஆக அடிப்போம். இதைக் கையால் தேடி மாற்றப் பார்க்கிறவர்கள் முதலில் `f` எல்லாவற்றையும் ‘க’ ஆக்கிவிட்டால், `nfh` என்பது `nகh` ஆகி நிற்கும். Match case என்பதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, நீளமானதை முதலில் மாற்ற வேண்டும்: `nfh`, பிறகு `nf`, கடைசியில்தான் `f`.

4. அளவு 14 என்று கொடுத்தும் தமிழ் எழுத்து சின்னதாகவே நிற்கிறது என்றால் கணினியில் கோளாறு இல்லை. வேர்டு தமிழைச் சிக்கலான எழுத்து வகையில் வைத்திருக்கிறது. Ctrl+D அழுத்தினால் வரும் கட்டத்தில் Complex scripts என்று தனிப் பகுதி இருக்கும். தமிழுக்கு எழுத்துருவும் அளவும் தடிப்பும் அங்கேதான். மேலே Latin text பகுதியில் 14 கொடுத்துவிட்டுக் கீழே 11 ஆகவே விட்டால், ஆங்கிலம் மட்டும் பெரிதாகும்.

இதைப் பத்தி பத்தியாகச் செய்யாதீர்கள். Normal என்ற பாணியைத் திருத்தி அங்கே ஒரே முறை வையுங்கள். இயல் தலைப்புக்கு Heading 1, உள்தலைப்புக்கு Heading 2. அவள் இயல் தலைப்பை இடைவெளி விசையால் நடுவுக்குத் தள்ளி, அடுத்த பக்கம் வரும்வரை என்டர் தட்டியிருந்தாள். எழுத்து பெரிதானதும் அந்த வெற்று வரிகளெல்லாம் நடுப்பக்கத்தில் வந்து நின்றன. Ctrl+Shift+8 அழுத்தினால் மறைந்திருக்கும் என்டர் குறிகள் தெரியும். அவற்றை அழித்து Ctrl+Enter கொடுத்து இயலைப் புதுப்பக்கத்தில் தொடங்கினோம். இதற்கே ஒரு மணி நேரம் போனது.

படங்களை In Line with Text என்று வையுங்கள். கூத்து ஒப்பனைப் படங்கள் அவளுக்கு முக்கியம். அவை மிதக்கும்படி இருந்ததால் கட்டியக்காரன் படம் துணைநூற்பட்டியலுக்குப் போயிருந்தது.

5. இனி எண்ணுகிற வேலை. முன்பக்கங்களுக்கு ரோமனும் முதல் இயலிலிருந்து 1, 2 என்றும் வர, கோப்பு இரண்டு பகுதிகளாக வேண்டும். முதல் இயலுக்கு முன்னால் Ctrl+Enter கொடுத்திருந்தால் அதை அழித்துவிட்டு, அங்கே Layout, Breaks, Next Page. பிறகு முதல் இயலின் Footer பகுதியை இருமுறை சொடுக்கி, Link to Previous என்பதை அணைக்க வேண்டும். இதை மறப்பதால்தான் ஒரு பகுதியைத் திருத்தினால் மறுபகுதியும் மாறுகிறது. அணைத்த பிறகு Format Page Numbers கட்டத்தில் முன்பகுதிக்கு ரோமன் எண்ணும், முதல் இயலுக்கு 1, 2 வகையோடு Start at 1 என்றும் கொடுங்கள்.

பொருளடக்கத்தை References பட்டியலிலிருந்து எடுங்கள். தலைப்புகளுக்கு Heading கொடுத்திருந்தால் அது தானே வரும். பிறகு எதைத் திருத்தினாலும் அதன்மேல் நின்று F9 அழுத்தி Update entire table. அவளுக்கு இது வந்தபோது விடியற்காலை நான்கு மணி. முந்தைய மாலை முழுவதும் கையால் அடித்துக்கொண்டிருந்த பட்டியல் அது.

6. அச்சுக்கு வேர்டு கோப்பைக் கொடுக்காதீர்கள். அச்சுக் கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்று வந்து உட்கார்ந்து பக்கம் நகரும், இரவு முழுக்கச் செய்தது போகும். பி.டி.எஃப். ஆக்கி, அதையே திறந்து பாருங்கள். மூன்று இடங்கள் போதும்: ஒவ்வோர் இயலின் முதல் பக்கம், ஒவ்வோர் அட்டவணை, பொருளடக்கத்தில் ஏதாவது ஐந்து வரிகளை எடுத்து அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சரிபார்ப்பது.

கெட்டி அட்டைக் கட்டுக்குப் பசை காய நேரம் வேண்டும். கடைசிக் காலையில் அது நடக்காது. கல்லூரி ஒப்புக்கொண்டால் மெல்லிய அட்டைக் கட்டோ சுருள்கம்பியோ போட்டுக் கொடுங்கள். ஒப்புக்கொள்ளுமா என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள்.

நெறியாளரும் துறைத்தலைவரும் கையெழுத்திடும் சான்றிதழ்ப் பக்கத்தை முதலில் தனியாக அச்சடித்துவிடுங்கள். கட்டிய பிறகு அதில் பிழை தெரிந்தால் முழுப் படியும் வீண். அவளுடைய சான்றிதழில் நெறியாளர் பட்டத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. ஏழரை மணிக்குக் கண்டுபிடித்தோம். கட்டுவதற்கு முன் என்பதால் ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு தாளை மட்டும் மாற்றினோம். அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது, எழுத்தும் அடுத்த பக்கத்துக்கு வழியவில்லை, ஆகவே வேறெதையும் தொட வேண்டியிருக்கவில்லை. எட்டரை மணிக்கு மூன்று படிகளையும் தம்பி மடியில் வைத்துக்கொண்டு சேலம் பேருந்து ஏறினார்கள்.