வளரும் பிள்ளைக்குச் சீருடை

மே மாதக் கடைசி. பெங்களூரில் பள்ளிகள் திறக்கும் நேரம். ஸ்ரீராமபுரத்தில் குடியிருக்கும் ஒரு தாய் தன் மகனுடன் சிக்பேட்டைக்குப் போனார். பையனுக்கு எட்டு வயது.

போன வருடம் அவர் ஓர் அளவு பெரிய கால்சட்டை வாங்கினார். "வளர்கிற பிள்ளைதானே!" என்று நினைத்தார். இடுப்பு நிற்கவில்லை. பையன் ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓடினான். கால் ஓரம் தரையில் தேய்ந்து நைந்தது. அளவு சரியானபோது கால்சட்டை கிழிந்துவிட்டது.

இந்த வருடம் துணியாக எடுத்தார். முதலில் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நெசவு நெருக்கமாக இருந்தது. பிறகு கையில் இறுக்கிக் கசக்கி விட்டார். சுருக்கம் அதிகம் நிற்கவில்லை. ஈரக் கைக்குட்டையால் தேய்த்தார். சாயம் ஒட்டவில்லை. அது பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த டெரிகாட்டன். கால்சட்டைக்கு அது நெடுநாள் உழைக்கும். வெறும் பருத்தி என்றால், வெட்டும் முன் நனைத்து உலர்த்த வேண்டும். இல்லையென்றால் தைத்த பிறகு சுருங்கும்.

தையல்காரரிடம் கொடுத்தார்கள்.

"அண்ணே, இரண்டு வருடம் வர வேண்டும்."

"இடுப்பை இப்போதைய அளவுக்கே தைக்கிறேன், அம்மா. பின் தையலில் ஓர் அங்குலம் துணி விடுகிறேன். கால் அடியில் மூன்று அங்குலம் உள்ளே மடிக்கிறேன்."

ஏன் மூன்று அங்குலம்? இந்த வயதில் பிள்ளை வருடத்துக்குச் சுமார் இரண்டு அங்குலம் உயரும். அதில் இடுப்புக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். இரண்டு வருடத்துக்கு மூன்று அங்குலம். கால்சட்டை ஓரம் கணுக்காலுக்கு மேலே ஏறினால், மடிப்பில் பாதியை இறக்கலாம். பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு தெரியும். ஈரத் துணி போட்டு இஸ்திரி செய்தால் கொஞ்சம் மறையும். முழுதும் மறையாது. பிட்டத்திலும் முழங்காலிலும் துணி நைந்துவிட்டால், அடி மடிப்பால் பயன் இல்லை. அதனால்தான் துணியை முதலில் பார்ப்பது.

எத்தனை செட் வேண்டும்? அந்தப் பள்ளி வாரத்தில் ஆறு நாள். கால்சட்டையை இரண்டு நாள் போட்டுத் துவைக்கலாம். இரண்டு போதும். சட்டை அப்படி இல்லை. காலரில் அழுக்குப் படியும். தினமும் துவைக்க வேண்டும். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை. துவைத்தது மறுநாள் காலைக்குள் உலராது. ஆகவே சட்டை மூன்று.

மூன்றாவது சட்டையும் இப்போதே வாங்கலாமா? தாய் யோசித்தார். சட்டையில் கைக்கும் நீளத்துக்கும் அதிகம் மடிப்பு வைக்க முடியாது. வருடக் கடைசிக்குள் மூன்றுமே சிறியதாகிவிடும். ஆனால் மழை முன்னால் நிற்கிறதே! மூன்றையும் வாங்கினார். நான்காவது வேண்டுமென்றால் தசரா விடுமுறைக்குப் பிறகு, அப்போதைய அளவுக்குத் தைத்துக்கொள்ளலாம் என்று விட்டார். வெட்டியதில் மிஞ்சிய கால்சட்டைத் துணியைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். முழங்காலில் ஒட்டுப் போட அதே நிறம் வேண்டுமே.