சர்ச்சுவில் ஓரிரவு: எப்போது இறங்க வேண்டும்?

பொம்மசந்திராவிலிருந்து லே நகருக்குக் காரில் புறப்பட்ட நாங்கள், மணாலியில் ஓரிரவு தங்கி, மறுநாளே சர்ச்சு கூடார முகாமை அடைந்தோம். மணாலி ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். சர்ச்சுவோ 4,290 மீட்டர். ஒரே பகலில் இருமடங்கு உயரம் ஏறியதே எங்கள் பிழை.

அன்றிரவு நண்பர் ஒருவருக்குத் தலைவலியும் குமட்டலும் கண்டன. இவ்வளவோடு நின்றால், மேலும் ஏறாமல் ஓய்வெடுத்தாலே பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். ஆனால் விடியலில், ஒரு காலின் விரல்நுனியை மற்றதன் குதிகால் தொடுமாறு நேர்கோட்டில் நடக்கச் சொன்னபோது அவர் தள்ளாடினார். தள்ளாட்டமும் மனக்குழப்பமும் மூளை வீக்கத்தின் அறிகுறிகள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டிலும் உடனே இறங்க வேண்டும். ஆக்சிஜன் உருளை அவகாசம் தருமேயன்றி இறக்கத்துக்கு ஈடாகாது.

சர்ச்சுவின் இடர், இறங்குவதற்கும் முதலில் ஏற வேண்டும் என்பதே. முன்னே லே செல்லும் வழியிலும் உயர்ந்த கணவாய்கள்; பின்னே 4,890 மீட்டர் உயரப் பாரலாச்சா கணவாய். ஆக்சிஜன் கொடுத்தபடி அதைக் கடந்து, சுமார் 3,100 மீட்டரிலுள்ள கேலாங்கில் மருத்துவரிடம் சேர்த்த பின்னரே அவர் தெளிந்தார்.

ஆகவே, பயணம் செய்வோர் ஜிஸ்பாவிலோ கேலாங்கிலோ இரண்டு இரவுகள் தங்கி, தலைவலி இல்லாதபோது மட்டுமே மேலேறுதல் நன்று.