ஆர்டர் கேட்டு வருபவருக்கு எத்தனை நாள் சொல்வது?



2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. அதன் பிறகு துணிப்பை ஆர்டர்கள் நம் தையல் குழுக்களைத் தேடி வருகின்றன. ஆர்டர் வாங்குவதில் கஷ்டமில்லை. “எத்தனை நாள்ல தருவீங்க?” என்று கேட்கும்போதுதான் மாட்டிக்கொள்கிறோம். ஆர்டர் கைநழுவிப் போய்விடுமோ என்ற பயத்தில் வாய்க்கு வந்த நாளைச் சொல்லிவிட்டு, கடைசி வாரம் ராத்திரி ராத்திரியாகக் கண்விழிக்கிறோம்.

ஒரு எடுத்துக்காட்டுடன் பார்ப்போம். முடிச்சூர் பக்கம் ஐந்து தையல் மெஷின் உள்ள ஒரு குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். தாம்பரம் சானடோரியம் பக்கத்திலுள்ள ஒரு கம்பெனி, தன் ஆண்டு விழாவுக்கு 3,000 காடாத் துணிப் பைகள் கேட்கிறது. இரண்டு கைப்பிடி, ஒரு பக்கம் கம்பெனி சின்னம் அச்சிட வேண்டும். விழாவுக்கு இன்னும் 25 வேலை நாள்தான் இருக்கிறது.

நாம் வழக்கமாகப் போடும் கணக்கு இதுதான். ஒரு பை தைக்க 6 நிமிடம். 3,000 பைக்கு 18,000 நிமிடம், அதாவது 300 மணி நேரம். ஐந்து பேர் தினமும் 8 மணி நேரம் தைத்தால் ஒரு நாளைக்கு 40 மணி நேரம். எட்டு நாளில் முடிந்துவிடும்! பெருக்கலில் தப்பே இல்லை. ஆனால் 6 நிமிடம் என்பது குழுவிலேயே வேகமாகத் தைப்பவர், ஒரே ஒரு பையைத் தைத்துக் காட்டியபோது ஆன நேரம். 8 மணி நேரம் என்பது யாரும் வீட்டில் சமைக்காத, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத கணக்கு.

உண்மையான நேரம் தெரிய வேண்டுமானால் நடுத்தர வேகத்தில் தைக்கும் ஒரு உறுப்பினரை உட்கார வைத்து, தொடர்ந்து பத்துப் பை தைக்கச் சொல்லுங்கள். பாபினில் நூல் சுற்றுவது, ஊசி உடைந்து மாற்றுவது, கோணலான கைப்பிடியைப் பிரித்துத் தைப்பது எல்லாம் அதற்குள் வந்துவிடும். நம் குழுவில் பத்துப் பைக்கு 80 நிமிடம் ஆனது என்று கொள்வோம். அப்படியானால் ஒரு பைக்கு 8 நிமிடம், 3,000 பைக்கு 400 மணி நேரம். அடுத்து வருகைப் பதிவேட்டைப் புரட்டுங்கள். போன ஆர்டரில் ஐந்து பேரில் சராசரி நான்கு பேர்தான் வந்திருக்கிறார்கள், ஒருவர் மெஷினில் உட்கார்ந்தது 5 மணி நேரம். ஆக ஒரு நாளைக்கு 20 மணி நேரம், 150 பை. தையலுக்கு மட்டும் 20 நாள்.

தையலுக்கு முன்னும் பின்னும் வேலை இருக்கிறது. சௌகார்பேட்டை போய்த் துணி எடுத்து வந்து வெட்ட ஆரம்பிக்க 2 நாள். ஸ்கிரீன் தயாரித்து, முதல் கட்டுத் துணியில் அச்சடித்துக் காயவைக்க 2 நாள். மீதி அச்சு வேலையைத் தைக்காத உறுப்பினர்கள் கூடவே செய்துகொண்டு வருவார்கள். கடைசியில் பிசிர் நூல் வெட்டி, சரிபார்த்து, கட்டுக் கட்ட 2 நாள். மொத்தம் 26 வேலை நாள். எட்டு எங்கே, இருபத்தாறு எங்கே!

இதோடு முடியவில்லை. கூடுதல் நாள் என்று கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு என்பதை மனசுக்குத் தோன்றியபடி வைக்கக் கூடாது. பழைய ஆர்டர் நோட்டில் சொன்ன நாளையும் கொடுத்த நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசி மூன்று ஆர்டர்கள் 2 நாள், 4 நாள், 5 நாள் தள்ளிப்போயிருந்தால் 5 நாளை வையுங்கள். இந்தத் தடவை அப்படி ஆகாது என்று மனசு சொல்லும். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லும். கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1979-லேயே இதை எழுதியிருக்கிறார்கள். மனிதர்கள் தங்கள் பழைய அனுபவத்தை ஒதுக்கிவிட்டு, கையிலிருக்கும் திட்டத்தை மட்டும் பார்த்து நாளைக் குறைத்துச் சொல்கிறார்களாம்.

ஐப்பசி, கார்த்திகை ஆர்டர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நம் பகுதியில் யாரும் மறக்க மாட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் சூழ்ந்தது. அவ்வளவு பெரிய மழைக்கு 5 நாள் போதாது. அதைத் தனி நிபந்தனையாகத்தான் எழுத வேண்டும். சாதாரண அடைமழையிலேயே அச்சு மை காயாமல் துணி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் போனால் மோட்டார் மெஷின் நிற்கும், கால் மெஷின் ஓடும்.

இந்த 5 நாளை ஆளுக்கு ஆள் தங்கள் வேலையில் ஒளித்து வைக்கக் கூடாது. வெட்டுபவர் ஒரு நாள், அச்சடிப்பவர் ஒரு நாள் என்று கூட்டிச் சொன்னால், நேரம் இருக்கிறதே என்று அந்த நாளும் சும்மா கரைந்துபோகும். மொத்தமாகக் கடைசியில், எல்லாருக்கும் தெரியும்படி வையுங்கள். ஆக நாம் சொல்ல வேண்டியது 31 வேலை நாள்.

கம்பெனி மேலாளர் ஒத்துக்கொள்வாரா? “என்னம்மா இது, வேற குழு பதினஞ்சு நாள்ல தர்றேங்கறாங்க. 25 நாள்ல முடிச்சுக் குடுங்க” என்பார். இங்கேதான் பலர் “சரிங்க சார்” என்று தலையாட்டிவிடுகிறோம். கோபப்படவும் வேண்டாம். கணக்குத் தாளை அவர் முன்னால் வையுங்கள். “சார், ஒரு பைக்கு எட்டு நிமிஷம் ஆகுது. வேணும்னா நாங்க தைக்கும்போது நீங்களே வந்து பாருங்க. நாலு பேரு, அஞ்சு மணி நேரம். இதுல எது தப்புன்னு சொல்லுங்க, மாத்திக்கறோம்” என்று கேட்கலாம். நாளைப் பற்றிப் பேரம் பேச வந்தவர், பையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

அவருக்கு வழியும் காட்ட வேண்டும். விழாவுக்கு 2,000 பை, மீதி 1,000 பின்னால் என்று பிரிக்கலாம். 2,000 பைக்குத் தையல் 14 நாள். முன்வேலை 4, பின்வேலை 2, கூடுதல் 5 சேர்த்தால் சரியாக 25. மொத்தமும் வேண்டுமென்றால் பக்கத்துக் குழுவிலிருந்து தவறாமல் வரக்கூடிய இரண்டு பேரை மெஷினோடு சேர்க்கலாம். ஆறு பேர் தைத்தால் 400 மணி நேரமும் 14 நாளில் அடங்கும். ஆனால் புதுக் கைக்கு முதல் இரண்டு நாள் வேகம் வராது, மெஷின் ஏற்றி இறக்கும் செலவும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் சொல்லி, செலவை யார் ஏற்பது என்று அன்றே பேசிவிடுங்கள். கூடுதல் 5 நாளை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

எதை நம்பி இந்த நாளைச் சொல்கிறோம் என்பதை ஒரு கடிதமாக எழுதி, இரண்டு பிரதியிலும் கையெழுத்து வாங்குங்கள். முன்பணமும் சின்னத்தின் இறுதிப் படமும் கைக்கு வந்த நாளிலிருந்துதான் நாள் கணக்கு. படம் மூன்று நாள் தாமதமானால் பையும் மூன்று நாள் தள்ளும். மாதிரிப் பை ஒப்புக்கொண்ட பிறகு ஜிப், உள்பாக்கெட் என்று சேர்த்தால் புதிதாகப் பத்துப் பை தைத்துப் பார்த்துத்தான் நாள் சொல்வோம். வெள்ளம் வந்தால் எத்தனை நாள் வேலை நின்றதோ அத்தனை நாள் கூடும். இவ்வளவு போதும்.

வேலை தொடங்கியதும் தினமும் சாயங்காலம் தைத்த பைகளை எண்ணி எழுதுங்கள். ஐந்தாம் நாள் முடிவில் 750 இருக்க வேண்டும். 600-தான் இருக்கிறது என்றால் நாளைக்கு 120 வீதம்தான் நடக்கிறது. மீதி 2,400-க்கு இன்னும் 20 நாள் ஆகும். கூடுதல் 5 நாளும் போயே போச்சு! முதல் மூன்று நாள் மட்டும் மெதுவாகி, நான்காம் ஐந்தாம் நாளில் 150 வந்திருந்தால் பயமில்லை, கை பழகிவிட்டது. அப்படி வரவில்லையென்றால் அன்றைக்கே மேலாளருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். அவர் விழாவுக்கு இன்னும் நாள் இருக்கும்போது சொன்னால் ஆள் சேர்ப்பதா, எண்ணிக்கையைக் குறைப்பதா என்று அவராலும் முடிவு செய்ய முடியும்.

பையெல்லாம் கொடுத்து முடிந்த வாரம் குழுக் கூட்டத்தில் அந்த நோட்டை எடுத்து, சொன்ன நாள், ஆன நாள், எதனால் என்று மூன்று வரி எழுதிவிடுங்கள். ஒரு பைக்கு 8 நிமிடம் என்று போட்டது 9 ஆகியிருந்தால், அடுத்த ஆர்டருக்கு 9 என்றே கணக்குப் போடுங்கள்.