தொடங்கிய இடத்தில் தெரியும் பிழை

நுழையும்முன்

கட்டடத்திற்குள் தானே நகரும் ஊர்தி ஒன்று, செல்லும் வழியெல்லாம் வரைபடமும் வரைகிறது. நேரான கூடத்தை அது வளைவாகவும் நீண்ட கூடத்தைக் குட்டையாகவும் வரைந்துவிடுவதுண்டு. அப்பிழையை அது எங்கே கண்டுகொள்கிறது, எவ்வாறு திருத்துகிறது, எதைத் திருத்த இயலாமல் நிற்கிறது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

நீள்கூடத்தின் தொல்லை

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் முதன்மைக் கட்டடங்களை ஊடுருவி ஒரு நடைக்கூடம் செல்கிறது. அதன் நீளம் 251 மீட்டர். 'முடிவிலாக் கூடம்' என்றே அதனை அழைக்கின்றனர். இக்கழகத்தின் கூடங்களில் ஊர்திகளைச் செலுத்தித் திரட்டிய அளவீடுகள், வரைபடமாக்கும் முறைகளைச் சோதிக்கும் ஆய்வாளர்களுக்குப் பெரிதும் பயன்பட்டுள்ளன. நீண்ட கூடம் அம்முறைகளுக்குக் கடினமான தேர்வு என்பதே அதற்குக் காரணம்.

கட்டடத்திற்குள் செயற்கைக்கோளின் குறிப்பலைகள் தெளிவாக எட்டுவதில்லை. ஆகவே, ஊர்தி தன் சக்கரங்கள் சுழன்ற அளவைக்கொண்டு கடந்த தொலைவைக் கணக்கிடுகிறது. லேசர் கதிரைச் சுழலவிட்டுச் சுவர்களின் தொலைவை அளக்கிறது. ஒவ்வோர் அடியும் முந்தைய அடியிலிருந்தே கணக்கிடப்படுவதால், முன்னர் நேர்ந்த பிழை பின்வரும் அனைத்திலும் தொடர்கிறது. திரும்பும்போது திசையில் 1 பாகை மட்டும் தவறினால் என்னாகும்? 251 மீட்டர் சென்று சேரும்போது ஊர்தி, வரைபடத்தில் ஏறத்தாழ 4.4 மீட்டர் பக்கவாட்டில் விலகி, பக்கத்து அறைக்குள் நிற்கும்.

நீளவாக்கில் வரும் பிழை இன்னும் நுட்பமானது. இருபுறமும் வெற்றுச்சுவர் கொண்ட கூடத்தின் நடுவில் ஊர்தி எங்கு நின்றாலும் லேசருக்குத் தெரிபவை இரண்டு இணைகோடுகளே. சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பதை அது உறுதியாக அறியும்; எவ்வளவு முன்னேறினோம் என்பதை அறியாது. முன் கண்ட காட்சியும் இப்போது காணும் காட்சியும் ஒன்றுபோல் இருப்பதால், நகர்ந்ததைவிடக் குறைவாகவே நகர்ந்ததாக அது முடிவுசெய்வதுண்டு. கூடம் வரைபடத்தில் சுருங்கிப்போவது இதனால்தான்.

சுற்று நிறைவு

நேராகச் சென்றுகொண்டே இருக்கும்வரை இப்பிழையை ஊர்தியால் அறிய முடியாது. சுற்றிவந்து, முன்பு கண்ட இடத்தை மீண்டும் காணும்போதுதான் அது வெளிப்படும். சேமித்துவைத்த பழைய லேசர்க் காட்சிகளோடு புதிய காட்சியை ஒப்பிட்டு, 'இது நான் புறப்பட்ட இடமே' என்று ஊர்தி அறிந்துகொள்வதைச் சுற்று நிறைவு என்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். செவ்வக வடிவில் நான்கு கூடங்கள் உள்ளன. ஊர்தி தென்மேற்கு மூலையில் புறப்பட்டுத் தெற்குக் கூடத்தின் வழியே கிழக்கே செல்கிறது; 20 மீட்டர் வடக்கே ஏறி, வடக்குக் கூடத்தின் வழியே மேற்கே திரும்பி, 20 மீட்டர் தெற்கே இறங்கிப் புறப்பட்ட மூலையை அடைகிறது. தெற்குக் கூடம் வெற்றுச்சுவர் உடையது, அது 58.8 மீட்டர் எனப் பதிவாகிறது. வடக்குக் கூடத்தில் கதவுகளும் தூண்களும் உண்டு, அது 60.0 மீட்டர் எனப் பதிவாகிறது. திசைப்பிழை ஏதும் இல்லை எனக் கொள்வோம். கணக்கின்படி ஊர்தி, புறப்பட்ட இடத்திற்கு மேற்கே 1.2 மீட்டர் தள்ளி நிற்கிறது. கண்முன் தெரியும் காட்சியோ புறப்பட்ட இடமே என்கிறது.

ஊர்தியின் இப்போதைய இடத்தை மட்டும் 1.2 மீட்டர் நகர்த்திவிட்டால் போதாதா என்று தோன்றலாம். அப்படிச் செய்தால் கடைசி அடியில் சுவர் முறிந்து, வரைபடத்தில் விரிசல் விழும். பிழை கடைசி அடியில் பிறந்ததன்று, வழியெங்கும் சேர்ந்தது. எனவே, கடந்துவந்த இடங்களையும் திருத்தியாக வேண்டும்.

நிலை வலையும் உகப்பாக்கமும்

இதற்கான வழியை லூ, மிலியோஸ் என்னும் இருவர் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் காட்டினர். ஊர்தி நின்ற ஒவ்வொரு நிலையையும், அதாவது அதன் இடத்தையும் நோக்கிய திசையையும், ஒரு கணுவாகக் கொள்ள வேண்டும். இரு நிலைகளுக்கு இடையே பெற்ற அளவீட்டை அவ்விரு கணுக்களின் இணைப்பாகக் கொள்ள வேண்டும். சுற்று நிறைவும் ஓர் இணைப்பே. அது கடைசிக் கணுவை முதற்கணுவோடு கட்டுகிறது. ஒவ்வோர் இணைப்பையும் ஒரு சுருள்வில்லாக எண்ணிக்கொள்க. உறுதியான அளவீடு விறைத்த வில். ஐயமான அளவீடு தளர்ந்த வில். எல்லா விற்களின் ஆற்றலும் சேர்ந்து மிகக் குறைவாகும் அமைப்பைத் தேடுவதே உகப்பாக்கம்.

நம் எடுத்துக்காட்டில் இரு கூடங்களையும் சமமாக நம்பினால், 1.2 மீட்டரை ஆளுக்கு 0.6 எனப் பகிரலாம். பிழையின் வர்க்கங்களைக் கூட்டினால் 0.36 + 0.36 = 0.72. முழுவதையும் ஒரே கூடத்தின்மீது சுமத்தினால் 1.44. மீச்சிறு வர்க்க முறை பகிர்வதையே தேர்வது இதனால்தான். ஆனால், இரண்டையும் சமமாக நம்புவது முறையன்று. வெற்றுச்சுவர்க் கூடத்தின் விலக்க வர்க்கச் சராசரி மற்றதைப்போல் மும்மடங்கு என்று கொண்டால், பகிர்வும் 3 : 1 ஆகிறது. தெற்குக் கூடம் 0.9 மீட்டர் நீண்டு 59.7 ஆகும், வடக்குக் கூடம் 0.3 மீட்டர் சுருங்கி அதுவும் 59.7 ஆகும். தெற்குக் கூடத்தின் நடுவில் இருந்த கணு 0.45 மீட்டரும், தென்கிழக்கு மூலை 0.9 மீட்டரும், வடமேற்கு மூலை 1.2 மீட்டரும் நகரும். விரிசல் எங்கும் விழாது.

உண்மையான கணக்கில் திசைகளும் கலந்திருப்பதால் ஒரே வீச்சில் விடை கிடைக்காது. தோராய விடையிலிருந்து தொடங்கிக் காஸ்–நியூட்டன் முறைப்படி திரும்பத் திரும்பத் திருத்த வேண்டும். முதற்கணுவை அசையாமல் கட்டிவைப்பதும் தேவை. இல்லையேல் வரைபடம் முழுவதும் எங்கும் மிதக்கலாம்.

பொய்யான நிறைவு

ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற கூடங்களே கட்டடங்களில் மிகுதி. வடக்குக் கூடத்தில் நிற்கும் ஊர்தி, அதனைத் தெற்குக் கூடம் என்று மயங்கினால், 20 மீட்டர் இடைவெளியை மூடச் சொல்லும் இணைப்பு ஒன்று பிறக்கும். பிழையை வர்க்கமாக்குவதன் தீமை இங்கே தெரிகிறது. 20இன் வர்க்கம் 400. அதனைக் குறைப்பதற்காக நல்ல இணைப்புகள் அனைத்தும் வளைந்துகொடுக்கும். இரு கூடங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

இதனைக் கண்டறிய வழி உண்டு. கடந்த தொலைவுக்கு எவ்வளவு பிழை சேர்ந்திருக்கக் கூடும் என்பதை முன்னரே கணிக்கலாம். ஒரு மீட்டர் அளவில் எதிர்பார்க்கும் இடத்தில் 20 மீட்டர் கேட்கும் இணைப்பை ஏற்கலாகாது. ஏற்றுக்கொண்டபின் பார்த்தாலும், அதுவரை அமைதியாக இருந்த அண்டை இணைப்புகளில் திடீரென்று பெரும் இழுவிசை தென்படும். அளவுக்கு மீறி இழுபடும் இணைப்பின் எடையைக் குறைக்கும் முறைகளும் வழக்கில் உள்ளன. உண்மையான நிறைவு ஒன்றைத் தவறவிடுவதால் பெரிய கேடில்லை. பழைய விலகல் அப்படியே இருக்கும், அவ்வளவே. பொய்யான நிறைவு ஒன்றோ நல்ல வரைபடத்தையே சிதைத்துவிடும்.

சுற்றுக்குத் தெரியாத பிழை

இன்னொரு பிழை உண்டு. அதனைச் சுற்று நிறைவு காட்டவே காட்டாது. சக்கரம் தேய்ந்து அதன் விட்டம் 2 விழுக்காடு குறைந்துள்ளது. ஊர்தியோ பழைய விட்டத்தையே நம்பித் தொலைவைக் கணக்கிடுகிறது என்று கொள்வோம். அப்போது நான்கு கூடங்களும் ஒரே விகிதத்தில் நீண்டு பதிவாகும். போனதும் மிகை, வந்ததும் மிகை. சுற்று முழுமையாக மூடிக்கொள்ளும். இடைவெளி சுழி என்பதால் திருத்துவதற்கும் எதுவும் இராது. வரைபடத்தின் பகுதிகள் தம்முள் முரண்படவில்லை என்பதற்கே சுற்று சான்று. அளவு சரி என்பதற்கு அன்று.

நில அளவையர் இதனை நெடுங்காலமாக அறிவர். 1802ஆம் ஆண்டு சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கிய லாம்டன், முக்கோணங்களின்வழி கணக்கிட்டு வந்ததோடு நிறைவடையவில்லை. 1804ஆம் ஆண்டு பெங்களூருக்கு அருகே இன்னோர் அடிக்கோட்டைத் தரையிலேயே அளந்து, கணக்கோடு ஒப்பிட்டார். ஊர்திக்கும் அதுவே வழி. ஏதேனும் ஒரு கூடத்தை அளவுநாடா கொண்டு தனியே அளந்து, வரைபடம் சொல்லும் நீளத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும்.