எழுத்தின் 'பாதம்' கண்ணுக்கு வழிகாட்டுகிறதா?

ஆங்கில நூல் ஒன்றில் 'எம்' என்னும் பெரிய எழுத்தை உற்றுப் பாருங்கள். அதன் கால்களின் அடியில் சிறு குறுக்குக் கோடுகள் பாதம்போல் நீண்டிருக்கும். இவற்றுக்குச் செரிப் என்று பெயர். இவை இல்லாத மொட்டை எழுத்து ஸான்ஸெரிப் ஆகும்.

'செரிப்கள் தண்டவாளம்போல் கண்ணை வரியில் நடத்திச் செல்கின்றன. ஆதலால் விரைவாகப் படிக்கலாம்' என்று பலர் கூறுவர். நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். ஆனால் படிக்கும்போது கண் வரியின்மேல் வழுக்கிச் செல்வதில்லை, தாவுகிறது. ஒரு தாவலில் ஏழெட்டு எழுத்துக்களைக் கடந்து, ஏறத்தாழ கால் விநாடி நின்று, மீண்டும் தாவுகிறது. தாவும் வேளையில் அது எதையும் தெளிவாகக் காண்பதில்லை. அப்படியானால் தண்டவாளத்துக்கு வேலை ஏது?

சோதித்துப் பார்க்கலாமே என்பீர்கள். டைம்ஸ், ஏரியல் என்னும் இரு எழுத்துக்களை எடுத்துக்கொள்வோம். முன்னது செரிப் உடையது, பின்னது இல்லாதது. இரண்டையும் 10 பாயிண்டு அளவில் அச்சிட்டால், டைம்ஸில் 'எக்ஸ்' என்னும் சிறிய எழுத்தின் உயரம் சுமார் 1.6 மி.மீ.; ஏரியலில் சுமார் 1.8 மி.மீ. பெயரளவில் சமம், கண்ணில் விழும் கோணத்தில் சமமில்லை! டைம்ஸை 40 செ.மீ. தொலைவில் பிடித்தால், அதே கோணம் பெற ஏரியலை 46 செ.மீ. தள்ளிப் பிடிக்கவேண்டும். கோட்டின் தடிப்பும் எழுத்துக்களின் இடைவெளியும்கூட வேறு. எனவே ஒன்று வென்றாலும், வென்றது செரிப்தானா என்று சொல்ல இயலாது.

இச்சிக்கலை 2005-இல் ஆர்டிட்டி, சோ என்னும் ஆய்வாளர்கள் அழகாக அவிழ்த்தனர். அவர்கள் கடையில் கிடைக்கும் எழுத்தை நாடவில்லை. தாமே எழுத்துக்களை அமைத்தனர். வடிவம் ஒன்றே, செரிப்பின் அளவு மட்டும் பெரிய எழுத்தின் உயரத்தில் 0, 5, 10 சதவீதம் என மாறியது. இடைவெளியையும் தனியே மாற்றினர். படிக்கும் வேகத்தில் செரிப்பால் வேறுபாடு தென்படவில்லை. மிகச் சிறிய எழுத்துக்களை இனங்காண்பதில் மட்டும் 5 சதவீதச் செரிப்புக்குச் சற்றே ஆதாயம் கிட்டியது. அதுவும் செரிப்பின் பெருமை அன்று: பாதம் நீண்டால் பக்கத்து எழுத்து கொஞ்சம் விலகி நிற்கவேண்டும் அல்லவா? அந்த இடைவெளியே காரணமாகலாம் என்றனர்.

அமெரிக்காவில் பேட்டர்சனும் டிங்கரும் 1932-இலேயே பத்து வகை அச்செழுத்துக்களை ஒப்பிட்டிருந்தனர். அன்றும் ஸான்ஸெரிப் எழுத்து இரண்டு மூன்று சதவீதமே பின்தங்கியது. அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பழங்காலக் கையெழுத்துப் பாணியிலான கறுத்த எழுத்துத்தான் பத்து சதவீதத்துக்கும் மேல் வேகத்தைக் குறைத்தது. ஆனால் அதற்கும் செரிப்புக்கும் சம்பந்தமில்லை. அன்றாடம் கண்டு பழகாத, நெருக்கமான எழுத்து அது.

நீங்களும் வகுப்பில் செய்து பார்க்கலாம். பாயிண்டு எண்ணை நம்பாமல், 'எக்ஸ்' உயரம் சமமாகும்வரை ஓர் எழுத்தைப் பெரிதாக்கி அச்சிடுங்கள். பாதிப்பேர் டைம்ஸை முதலிலும், மீதிப்பேர் ஏரியலை முதலிலும் படிக்கட்டும். இரண்டு தாளிலும் ஒரே பாடம் இருக்கக்கூடாது. இரண்டாம் முறை எவரும் வேகமாகத்தான் படிப்பார்.