மலிவான பயணச்சீட்டு எது?

கேள்வி: மகனைக் காண சிங்கப்பூர் செல்கிறேன், பெட்டி 20 கிலோ. அவன் அனுப்பிய இரண்டு திரைப்பிடிப்புப் படங்களில், மதுரையிலிருந்து நேரே செல்ல ரூ.14,200, சென்னை வழியாகத் தனித்தனிச் சீட்டுகளாக எடுத்தால் மொத்தம் ரூ.11,400. எது லாபம்?
– வாசகர், கழுகுமலை

பதில்: இரண்டு பிரயாணங்களும் மதுரையிலேயே தொடங்குவதால், கழுகுமலையிலிருந்து அங்கே போகும் கார்ச் செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை; வித்தியாசப்படும் செலவுகளை மட்டும் கூட்டினால் போதும். நேர் விமானத்தின் கட்டணத்தில் 20 கிலோ சாமானும் அடங்கியிருப்பதாகத் தங்கள் படம் காட்டுகிறது. மற்றதிலோ, உள்நாட்டு விமானத்தில் 15 கிலோவே இலவசமாதலால் மிகுதி 5 கிலோவுக்கு ரூ.2,000, கைப்பை மட்டும் அனுமதிக்கும் சிங்கப்பூர்ச் சீட்டில் பெட்டிக்கு ரூ.2,400, வருகை நேரத்தருகே “+1” என்றிருப்பது மறுநாளைக் குறிப்பதால் சென்னையில் இரவு தங்க ரூ.1,500 என்று சேர்த்தால், ரூ.17,300 ஆகிறது.

இதனினும் பிரதானமானது ஒன்றுண்டு: தனித்தனிச் சீட்டுகளாயின், சென்னையில் பெட்டியை மீட்டு மறுபடி ஒப்படைக்க வேண்டும், முதல் விமானம் தாமதித்து அடுத்தது தவறினால், பொதுவாக அந்த நஷ்டம் பிரயாணியையே சாரும். ஆகையால் நேர் விமானமே உசிதம். பணம் கட்டுமுன் இறுதித் தொகையை மீண்டும் பாருங்கள். படம் எடுத்த வேளையின் கட்டணம் பிறகும் நிலைத்திருக்கும் என்ற நிச்சயமில்லை.