தப்பான எழுத்து வந்தால் எந்த ஸ்டேட்டுக்குத் திரும்புவது?

கேள்வி: செமஸ்டர் தேர்வில் ‘0, 1 ஆகிய எழுத்துகளால் ஆன, 1011 என்று முடியும் சரங்களை ஏற்கும் டி.எஃப்.ஏ. வரைக’ என்று கேட்டிருந்தார்கள். q0 முதல் q4 வரை ஐந்து ஸ்டேட் போட்டேன். எதிர்பார்த்த எழுத்து வராதபோதெல்லாம் q0-வுக்குத் திருப்பிவிட்டேன். q4-இல் இரண்டு எழுத்துக்கும் சுழல் அம்பு போட்டேன். பாதி மதிப்பெண்கூட வரவில்லை. எங்கே தவறு?

— கணினி அறிவியல் மாணவி, நாகமலை புதுக்கோட்டை

பதில்: ஸ்டேட்களின் எண்ணிக்கை சரிதான், அம்புகளில்தான் பிசகு. உங்கள் படத்தில் 101011 என்ற சரத்தை ஓட்டிப் பாருங்கள். அது 1011 என்று முடிகிறது, ஆகவே ஏற்கப்பட வேண்டும். முதல் மூன்று எழுத்தில் q3 வந்துவிடும். நான்காவதாக 0 வந்ததும் நீங்கள் q0-வுக்குப் போகிறீர்கள். அடுத்த 1-க்கு q1, கடைசி 1-க்கு மறுபடியும் q0. சரம் நிராகரிக்கப்பட்டுவிட்டது.

q3-இல் 0 வந்தபோது கையில் இருப்பது 1010. அதன் கடைசி இரண்டு எழுத்து 10; நாம் தேடும் 1011-இன் தொடக்கமும் அதுவே. அதைத் தூக்கி எறியக் கூடாது, q2-வுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் இதே கேள்விதான்: இதுவரை படித்ததன் வால்பகுதியில், 1011-இன் தொடக்கமாகவும் இருக்கும் மிக நீண்ட துண்டு எது? அதன் நீளமே அடுத்த ஸ்டேட்டின் எண். q1-இல் இன்னொரு 1 வந்தால் கடைசி 1 இன்னும் பயன்படும், அதனால் q1-லேயே நிற்க வேண்டும். q2-இல் 0 வந்தால் 100. அதில் எதுவும் மிஞ்சாது, அங்கே மட்டும் q0 நியாயம்.

q4-இன் சுழல் அம்பு வேறு வகைப் பிழை. அது ‘1011 எங்காவது வரும்’ என்ற கேள்விக்கான விடை. உங்கள் படம் 10110-ஐயும் ஏற்றுக்கொள்ளும். ஃபைனல் ஸ்டேட்டுக்கு வந்த பிறகும் எழுத்துகள் தொடரலாம். 0 வந்தால் வாலில் 10 நிற்கும், q2. 1 வந்தால் 1 மட்டும் நிற்கும், q1.

```
        0    1
→q0    q0   q1
 q1    q2   q1
 q2    q0   q3
 q3    q2   q4
*q4    q2   q1
```

இதில் 1011011-ஐ ஓட்டினால் நான்காவது எழுத்தில் ஒருமுறையும் ஏழாவதில் மறுமுறையும் q4 வரும். இரண்டு 1011-களும் நடுவிலுள்ள 1-ஐப் பகிர்ந்துகொள்கின்றன. க்னூத், மோரிஸ், பிராட் மூவரும் 1977-இல் வெளியிட்ட சொல்தேடல் முறையும் இந்த வால் கணக்கையே நம்பியிருக்கிறது.

‘குறைந்தபட்ச ஸ்டேட்களுடன்’ என்று கேட்டால் காரணமும் எழுதுங்கள். ஓர் எழுத்துக்கு ஒரு படிக்கு மேல் ஏற முடியாது. ஆகவே q4-ஐ அடைய q0-விலிருந்து 4 எழுத்து, q1-இலிருந்து 3, q2-இலிருந்து 2, q3-இலிருந்து 1 என்று குறைந்தபட்சம் தேவை. ஐந்துக்கும் இந்த அளவு வெவ்வேறு என்பதால் எந்த இரண்டையும் ஒன்றாக்க முடியாது.

வினாத்தாளில் என்.எஃப்.ஏ. கேட்டிருந்தால் வேலை சுலபம். q0-வில் 0, 1 இரண்டுக்கும் சுழல், பிறகு 1, 0, 1, 1 என்று நான்கு அம்பு. திரும்பும் அம்பே தேவையில்லை. டி.எஃப்.ஏ. கேட்ட இடத்தில் அந்தப் படத்தைப் போட்டால் செல்லாது: q0-விலிருந்து 1-க்கு இரண்டு அம்பு கிளம்பும், q4-இலிருந்து ஒன்றுமே கிளம்பாது.